ஆடாசிட்டியில் பள்ளி பாட்காஸ்ட்: ஒட்டிய இடம் தெரியாமல் வெட்டுவது

*நான் 9-ஆம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி பாட்காஸ்டுக்காக எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரைப் பேட்டி எடுத்தோம். தொடக்கவுரையை வகுப்பறையில் ஃபேன் ஓடும்போதே பதிவு செய்துவிட்டோம். பேட்டி கடையில் எடுத்தது, முடிவுரை என் வீட்டில். எல்லாமே போனில். பேட்டி மட்டும் 19 நிமிடம், ஆனால் எபிசோட் மொத்தமே 8 நிமிடம்தான் இருக்கலாம் என்கிறார் மிஸ். ஆடாசிட்டி போட்டு வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடமெல்லாம் டக் டக்கென்று தெரிகிறது. இரைச்சலை எடுத்தால் குரலும் கெட்டுப்போகிறது. எதை முதலில் செய்ய வேண்டும், எப்படி?*

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பதிவுகளையும் தனித்தனியாக இரைச்சல் நீக்குங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் தனியாக வெட்டுங்கள். அப்புறம் மூன்றையும் அடுக்கி ஒட்டுங்கள். ஒலியளவைச் சமன் செய்வது கடைசியில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி முடித்துவிட்டு, மொத்தத்துக்கும் ஒரே அடியாக இரைச்சல் நீக்கம் போடுகிறார்கள். வகுப்பறை ஃபேன் சத்தம் வேறு, கடை வாசல் சத்தம் வேறு, வீட்டுச் சத்தம் வேறு. ஒன்றை அளந்து எடுத்த கணக்கை மற்ற இரண்டின் மேல் போட்டால் குரல்தான் அடிவாங்கும்.

தொடங்கும் முன் கோப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர்களிடமிருந்து பதிவுகளை வாட்ஸ்அப்பில் வாங்கினால், வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது ஒலியை நன்றாக அமுக்கிச் சுருக்கிவிடும். போனின் ரெக்கார்டர் செயலியில் பதிவு செய்த கோப்பை Document என்ற வழியில் அனுப்பினால் அப்படியே வரும். கேபிள் போட்டு எடுத்தால் இன்னும் நல்லது. பல போன்கள் `.m4a` கோப்பாகத் தரும். விண்டோஸில் ஆடாசிட்டி அதைத் திறக்க FFmpeg என்ற துணை நிரலைத் தனியாக நிறுவ வேண்டும். "திறக்க முடியவில்லை" என்று வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், இதுதான் காரணமாக இருக்கும். அசல் பதிவுகளை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஆடாசிட்டியில் சேமிக்கும்போது வரும் `.aup3` கோப்பு வேலை நடக்கும் மேசைதான், கேட்கக்கூடிய எம்பி3 அல்ல. அது கடைசியில் தனியாக வரும்.

நான் சொல்லும் மெனு பெயர்கள் ஆடாசிட்டி 3-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு உரியவை. பழைய 2-ஆம் வரிசை வைத்திருந்தால் இதே கருவிகள் Effect மெனுவில் ஒரே நீளப் பட்டியலாக இருக்கும்.

முதலில் வகுப்பறைப் பதிவு. உண்மையைச் சொன்னால், தொடக்கவுரை ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி பேசிப் பதிவு செய்வதுதான் குறைந்த வேலை. அது முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். யாரும் பேசாமல், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல், ஃபேன் மட்டும் கேட்கும் ஒரு நொடியைத் தேடி மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். பேசத் தொடங்கும் முன் அப்படி ஒரு இடம் கிடைக்கும். Effect > Noise Removal and Repair > Noise Reduction போய் Get Noise Profile அழுத்துங்கள். பெட்டி மூடிக்கொள்ளும். ஒன்றும் நடக்காதது போலத் தெரியும், ஆனால் ஃபேன் எப்படி ஒலிக்கிறது என்பதை ஆடாசிட்டி குறித்துக்கொண்டுவிட்டது. இப்போது வகுப்பறைப் பதிவின் அலைவடிவத்தில் இரட்டைக் கிளிக் செய்து அந்தப் பதிவை மட்டும் முழுதாகத் தேர்ந்தெடுத்து, அதே பெட்டியை மறுபடி திறங்கள்.

இங்கேதான் நீங்கள் குரலைக் கெடுத்திருப்பீர்கள். Noise reduction (dB) என்ற இடத்தில் 20, 24 என்று ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 6-இல் தொடங்குங்கள். 6 டெசிபெல் குறைப்பு என்றால் இரைச்சலின் அலை உயரம் பாதியாகிறது, 12 என்றால் கால்வாசி. பேச்சுக்கு அடியில் இருக்கும் ஃபேனுக்குப் பெரும்பாலும் இவ்வளவு போதும். Sensitivity-யையும் Frequency smoothing-ஐயும் 6-லேயே விடுங்கள்.

அடுத்து, பெட்டியின் கீழே Reduce, Residue என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். Residue-ஐத் தேர்ந்தெடுத்து Preview அழுத்துங்கள். எதை எடுத்து எறியப் போகிறதோ அது மட்டும் உங்களுக்குக் கேட்கும். வெறும் ஃபேன் சத்தம் கேட்டால் அளவு சரி. அந்தக் குப்பைக்குள் "வணக்கம்" என்று உங்கள் குரல் புரிகிற மாதிரி கேட்டால், குரலின் ஒரு பகுதியையும் சேர்த்து வெளியே தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். எண்ணைக் குறையுங்கள். திருப்தியானதும் மறக்காமல் Reduce-க்கு மாற்றிவிட்டு OK கொடுங்கள். மாற்ற மறந்தால் குரல் போய் ஃபேன் மட்டும் மிஞ்சும். அப்படி ஆனால் Ctrl+Z.

குரல் ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் அளவு வைக்கச் சுலபமாக இருக்கும். இந்தக் கருவி ஒலியைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் "குறித்துக்கொண்ட இரைச்சல் அளவுக்கு மேல் ஏதாவது இருக்கிறதா?" என்று பார்க்கிறது. இல்லையென்றால் அந்தப் பட்டையைத் தணிக்கிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் காற்றுச் சீறல்தான், ஃபேன் இரைச்சலுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் முதலில் மழுங்குவது அவைதான். சொல்லின் கடைசியில் தேய்ந்து முடியும் உயிரொலிகள் அடுத்து போகும். எண்ணை இன்னும் ஏற்றினால் பட்டைகள் அங்கங்கே திறந்து மூடி, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒரு களகளப்பு வரும். இரைச்சலைவிட அது எரிச்சலாக இருக்கும். கொஞ்சம் ஃபேன் சத்தம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

இந்தக் கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் இது: ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ், மைக்கின் "ஸ்ஸ்" சத்தம். வந்து போகும் ஹார்ன், காகம், பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எதையும் இது எடுக்காது. காலி வகுப்பறையின் எதிரொலியையும் எடுக்காது. மைக்குக்கு மிக அருகில் கத்திப் பேசி அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அதுவும் சரியாகாது. View மெனுவில் Show Clipping in Waveform போட்டால் அந்த இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். ஒன்றிரண்டு கோடு பரவாயில்லை, பத்தி முழுக்கச் சிவப்பு என்றால் மறுபதிவுதான்.

கடைப் பதிவுக்கு இரைச்சல் நீக்கமே வேண்டாம் என்பது என் கருத்து. சைக்கிள் கடையில் சக்கரம் சுற்றுகிற சத்தமும் ஸ்பேனர் விழுகிற சத்தமும் தெருச் சத்தமும் கேட்டால்தான் அது சைக்கிள் கடை. அடியில் "டம்… டம்…" என்று பஸ், லாரியின் உறுமலோ, மைக்கில் காற்று அடித்த சத்தமோ இருந்தால் மட்டும் Effect > EQ and Filters > High-Pass Filter போட்டு 80 Hz, 12 dB என்று கொடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதக் குரலுக்கு வேலை மிகக் குறைவு. உறுமல் தணியும், குரலில் வித்தியாசம் தெரியாது.

இனி வெட்டுவது. 19 நிமிடத்தை அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே வெட்ட ஆரம்பித்தால் இரண்டு நாள் ஆனாலும் முடியாது. முதலில் வெட்டாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே Ctrl+M அடித்தால் அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் "கடை தொடங்கிய கதை - வை", "விலை பேச்சு - வேண்டாம்" என்று தட்டச்சு செய்துகொண்டே போங்கள். எபிசோட் 8 நிமிடம் என்றால் தொடக்கம், முடிவு, இசை போகப் பேட்டிக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். ஆறு நிமிடத்தில் மூன்று கதை நன்றாகச் சொல்லலாம். ஏழு கதையைத் திணித்தால் எதுவும் நிற்காது.

வேண்டாத பெரிய பகுதிகளை நீக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரு துண்டை அழித்ததும் அதற்குப் பின்னால் இருக்கும் ஒலி முன்னால் நகர்ந்துவிடும். லேபிள்கள் நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டாவது வெட்டிலேயே எல்லாக் குறிப்பும் தப்பாகிவிடும். Tracks > Sync-Lock Tracks போட்டு வைத்தால் லேபிள்களும் கூடவே நகரும். அதைவிட எளிய வழி, கடைசியிலிருந்து முன்னோக்கி வெட்டிக்கொண்டு வருவது. பின்னால் எது நகர்ந்தாலும் முன்னால் இருக்கும் குறிகள் சரியாகவே இருக்கும்.

இன்னொன்று: வெட்டப் போகும்போது Delete வேலை செய்யாமல், மெனுவெல்லாம் மங்கலாகத் தெரிந்தால், ஒலியை Pause-இல் வைத்திருக்கிறீர்கள். Stop செய்தால்தான் ஆடாசிட்டி திருத்தவிடும். தொடக்கத்தில் எல்லாருக்கும் நடப்பது இது.

இப்போது உங்கள் "டக் டக்". அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அலை மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இடத்தோடு ஒட்டினால் அந்தத் தாவல் ஒரு சொடுக்காகக் கேட்கும். அதற்கு மருந்து சுலபம்: தேர்ந்தெடுத்த பிறகு Select > At Zero Crossings கொடுத்தால், தேர்வின் இரு முனைகளும் அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு நகரும். அப்புறம் Delete. இரண்டாவது காரணம் பெரியது: நீங்கள் வெட்டிய இடமே பேச்சில் வெட்டக்கூடாத இடம். இதை எந்தப் பொத்தானும் சரிசெய்யாது, காதுதான் செய்ய வேண்டும்.

தமிழ்ப் பேச்சில் வெட்டுவதற்கு நல்ல இடம், ஒரு சொல் க, ட, த, ப போன்ற வல்லினத்தில் தொடங்கும் இடம். "ப" சொல்ல உதட்டை மூடுகிறோம். அந்தக் கணம் ஒலி கிட்டத்தட்ட நின்றுபோய், பிறகு வெடித்து வருகிறது. Ctrl+1 அடித்து நெருங்கிப் பார்த்தால், ஒரு சின்னத் தட்டைக் கோடும் அதன் பின் திடீரென்று எழும் அலையும் தெரியும். அந்தத் தட்டையில் வெட்டினால் யாருக்கும் தெரியாது. உயிரொலி உயிரொலியோடு சேரும் இடமும், ம, ன, ல, ர, வ போன்றவை வழுக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகும் இடமும் மோசமானவை. அங்கே சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை, எங்கே கத்தி வைத்தாலும் ரத்தம் வரும்.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. "அப்புறம்" என்ற சொல்லை நெருங்கிப் பாருங்கள். "அ" முடிந்ததும் ஒரு தட்டைக் கோடு, பிறகு "புறம்". பார்க்க இரண்டு சொல் போலவே இருக்கும். அந்த வெற்றிடம்தான் "ப்ப்". அதைத் தேவையில்லாத இடைவெளி என்று நினைத்துச் சுருக்கினால் "அபுறம்" என்று கேட்கும். "பக்கம்", "பத்து", "பட்டறை" எல்லாம் இதே கதை. ஆகவே கண்ணை மட்டும் நம்பி வெட்ட வேண்டாம். வெட்டும் முன் அந்த இடத்தை ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள், வெட்டிய பின் இரண்டு நொடி முன்னாலிருந்து மறுபடி ஓட்டிக் கேளுங்கள்.

ஒரு வெட்டை முழுதாகவே பார்ப்போம். கடைக்காரர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க அப்பா வந்து… அது… அது வந்து எழுபத்தெட்டுல கடை ஆரம்பிச்சாரு." நடுவில் இருக்கும் தடுமாற்றத்தை எடுக்க வேண்டும். முதலில் தோன்றுவது, "அப்பா"-வுக்குப் பிறகு உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டு "எங்க அப்பா எழுபத்தெட்டுல" என்று ஒட்டுவது. செய்து பாருங்கள், உறுத்தும். "ஆ" என்று நீண்டு நிற்கும் குரல் சட்டென்று "எ"-க்குத் தாவும், இரண்டும் வேறு சுருதியில் இருக்கும். அவர் வாயில் அந்த இரண்டு ஒலிகளும் பக்கத்தில் வரவே இல்லையே.

அந்த வாக்கியத்தில் "வந்து" இரண்டு தடவை வருகிறது. முதல் "வந்து"-வில் "வ" தொடங்கும் இடத்தில் தேர்வைத் தொடங்குங்கள். இரண்டாவது "வந்து"-வில் அதே "வ" தொடங்கும் இடத்தில் முடியுங்கள். At Zero Crossings, Delete. மிஞ்சுவது: "எங்க அப்பா வந்து எழுபத்தெட்டுல கடை ஆரம்பிச்சாரு." "அப்பா"-வுக்குப் பிறகு அவர் உண்மையிலேயே ஒரு "வ"-தான் சொன்னார், அதனால் இடப்பக்கம் உறுத்தாது. இரண்டாவது "வந்து"-தான் நிஜமாக "எழுபத்தெட்டு"-க்குப் போய்ச் சேர்ந்தது, அதனால் வலப்பக்கமும் உறுத்தாது. ஒரு "வந்து" மிஞ்சியதே என்று கவலைப்படாதீர்கள். கடைக்காரர் பேசுகிற மாதிரிதானே இருக்க வேண்டும்? ஒரே ஒலியிலிருந்து ஒரே ஒலிக்கு வெட்டுவது என்ற இந்த முறையை "அதாவது", "இந்த மாதிரி", "என்னன்னா" என்று திரும்பத் திரும்ப வரும் எதிலும் செய்யலாம்.

மூச்சு இழுக்கும் சத்தத்தை எல்லாம் தேடித் தேடி அழிக்காதீர்கள். மூச்சு இல்லாத பேச்சைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். வாக்கியத்துக்கு முன்னால் இருக்கும் மூச்சு அந்த வாக்கியத்துக்குச் சொந்தம், வெட்டும்போது அதோடு சேர்த்தே வெட்டுங்கள். மூச்சின் நடுவில் வெட்டி அரை மூச்சை விட்டுவைப்பதுதான் உடனே காட்டிக்கொடுக்கும். அப்புறம், தடுமாற்றத்தை எடுக்கலாம், பொருளை மாற்றக்கூடாது. "லாபம் இல்லை, ஆனாலும் விடமாட்டேன்" என்றவரின் பின்பாதியை வெட்டிவிட்டு ஒலிபரப்பினால் அது வேறு பேச்சாகிவிடும்.

வெட்டியதும் சில இடங்களில் இரண்டு வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவே அரை நொடி இடைவெளி வேண்டும். அதற்கு Generate > Silence போட்டால் வரும் அமைதி சுத்தமான பூஜ்யம். கடைச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் திடீரென்று எல்லாம் செத்துப்போய் மறுபடி உயிர் பெறும். யாரும் பேசாத இடத்திலும் ஒரு இடத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதிலிருந்துதான் இடைவெளி செய்ய வேண்டும். பேட்டியின் அசல் பதிவில் அவர் யோசித்துக்கொண்டு பேசாமல் நின்ற ஓர் இடத்தைத் தேடி, ஒரு நொடியை Ctrl+C செய்து, தேவையான இடத்தில் Ctrl+V செய்யுங்கள். காகம் கரைவதோ, ஹார்னோ உள்ள துண்டை எடுக்காதீர்கள். நாலு இடத்தில் ஒரே காகம் ஒரே மாதிரி கரைந்தால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த பேட்டிக்குப் போகும்போது, பேசத் தொடங்கும் முன் எல்லாரையும் பத்து நொடி சும்மா நிற்கச் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். இடைவெளிக்கும் ஆகும், Get Noise Profile-க்கும் ஆகும்.

மூன்றையும் அடுக்குவது இப்போது எளிது. File > Import > Audio மூலம் கொண்டுவந்த ஒவ்வொரு பதிவும் தனி டிராக்கில் இருக்கும், அப்படியே இருக்கட்டும். கிளிப்பின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து, தொடக்கவுரை முடியும் இடத்தில் பேட்டியை வையுங்கள். ஆனால் முனையோடு முனை ஒட்டாதீர்கள். வகுப்பறையின் சத்தம் நின்று கடைச் சத்தம் பிறக்கும் அந்தக் கணம் எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் தெரியும். மறைக்க முடியாததை வேண்டுமென்றே செய்ததாக மாற்றிவிட வேண்டியதுதான். பேட்டியின் முன்னால் மூன்று நொடி வெறும் கடைச் சத்தத்தை விட்டுவைத்து, அந்த மூன்று நொடி தொடக்கவுரையின் கடைசி வாக்கியத்துக்கு அடியில் வரும்படி நகர்த்துங்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து Effect > Fading > Fade In கொடுங்கள். "வாங்க, அவரையே கேட்கலாம்" என்று நீங்கள் சொல்லி முடிக்கும்போது அடியில் சக்கரச் சத்தம் மெதுவாக ஏறி வரும். கேட்பவர் உங்களோடு கடைக்கு நடந்து வந்துவிடுவார். பேட்டி முடியும் இடத்திலும் இதையே தலைகீழாக, Fade Out போட்டு, முடிவுரையின் முதல் வாக்கியத்துக்கு அடியில் தேயவிடுங்கள்.

ஒலியளவுக்கு வருவோம். ஒவ்வொரு டிராக்காகத் தேர்ந்தெடுத்து Effect > Volume and Compression > Loudness Normalization போடுங்கள். இலக்கு -16 LUFS, அது காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு. ஆப்பிள் பாட்காஸ்ட் தன் படைப்பாளர்களுக்குச் சொல்லும் அளவும் இதுதான். பெட்டியில் -23 என்று இருக்கும், மாற்றிவிடுங்கள். மோனோவை இரட்டை மோனோவாக நடத்தும் Treat mono as dual-mono பெட்டியில் டிக் இருக்கட்டும். Amplify போலவோ Normalize போலவோ அலையின் உச்சியை மட்டும் பார்க்காமல், காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று இது கணக்கிடுகிறது. அதனால்தான் மூன்று இடத்தில் பதிவான குரல்களும் ஒரே உயரத்துக்கு வருகின்றன.

ஒன்று மட்டும் இதனால் ஆகாது. பேட்டியில் போன் உங்கள் கையில் இருந்திருக்கும். உங்கள் கேள்வி சத்தமாகவும் அவர் பதில் தூரத்திலும் கேட்கும். இரண்டும் ஒரே டிராக்கில் இருப்பதால் கருவி சராசரியைத்தான் பார்க்கும். ஆகவே Loudness Normalization-க்கு முன்பே உங்கள் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து Amplify-இல் -6 என்று கொடுத்துக் குறையுங்கள். அவர் குரலை ஏற்றுவதைவிட உங்கள் குரலைக் குறைப்பது நல்லது. ஆறு நிமிடப் பேட்டியில் உங்கள் கேள்விகள் ஏழெட்டுதான் இருக்கும், அவர் பேச்சோ நீளம். கேள்விக்கு அடியில் கடைச் சத்தமும் கொஞ்சம் இறங்கும், ஆனால் பேசும்போது அது காதில் விழாது.

சமன் செய்த பின் யாராவது சிரித்த இடத்திலோ தும்மிய இடத்திலோ அலை எல்லையைத் தாண்டியிருக்கும். ஆடாசிட்டி உள்ளே 32-பிட் ஃப்ளோட் கணக்கில் வேலை செய்வதால் அது உடனே கெட்டுவிடாது, எம்பி3 ஆக்கும்போதுதான் வெட்டுப்படும். அதற்கு முன் Limiter ஒன்று போடுங்கள். 3.6-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் Threshold, Make-up target இரண்டையும் -1 என்று வைத்தால், அந்த உச்சிகளை மட்டும் தட்டி அடக்கும், மற்றதைத் தொடாது.

இசை வேண்டுமென்றால் தொடக்கத்தில் பத்து நொடி போதும். சினிமாப் பாட்டு வேண்டாம், இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும். யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்து CC0 என்று குறிக்கப்பட்ட இசையையோ, வகுப்பில் யாராவது வாசித்த கீபோர்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். இசை டிராக்கை மேலேயும், அதற்கு நேர் கீழே தொடக்கவுரை டிராக்கையும் வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து Auto Duck போட்டால், பேச்சு வரும்போது இசை தானாகத் தாழும். அது கீழே உள்ள அந்த ஒரு டிராக்கை மட்டும்தான் கவனிக்கும். இடம் மாறினால் வேலை செய்யாது.

கடைசியாக File > Export Audio. வடிவம் MP3, Channels-இல் Mono, Sample Rate 44100, Bit Rate Mode-இல் Constant, Quality 96 kbps. பேச்சுக்கு மோனோ போதும். எட்டு நிமிடம் ஏறக்குறைய 6 எம்பி வரும், மிஸ்ஸுக்கு எளிதாக அனுப்பலாம். அனுப்பும் முன் அந்த எம்பி3-ஐப் போனுக்கு மாற்றி இரண்டு முறை கேளுங்கள். ஒருமுறை இயர்போனில், சொடுக்குகளும் அரை மூச்சுகளும் அதில்தான் மாட்டும். ஒருமுறை போனின் சொந்த ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி வைத்து. கடைக்காரர் சொல்வது அதில் புரியவில்லை என்றால் இசையோ கடைச் சத்தமோ கூடுதலாக இருக்கிறது, திரும்பப் போய்க் குறையுங்கள். `.aup3` கோப்பை எபிசோட் வெளிவந்த பிறகும் அழிக்காதீர்கள். மிஸ் "அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடு" என்று சொல்ல வாய்ப்பு நிறைய இருக்கிறது.